‘எக்ஸ்பிளெய்ன் மீ’யில தொலைஞ்சது ஒரு ‘கு’

கிருலப்பனையில இருந்து வெள்ளவத்தைப் பக்கம் நடந்து போனால் மதிலிலும் லைட் போஸ்டிலும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு விளம்பரங்கள்தான். அநேகமான வகுப்புகளில் ஒரு போட்டோகொப்பி தருவார்கள். இடது பக்கம் பிழையான வசனம், வலது பக்கம் சரியான வசனம். அதில கட்டாயம் ரெண்டு வரி இருக்கும். ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ பிழை, ‘எக்ஸ்பிளெய்ன் டு மீ’ சரி. ‘ரிக்வெஸ்ட் டு யூ’ பிழை, ‘ரிக்வெஸ்ட் யூ’ சரி.

கொஞ்சம் நின்று பாருங்கோ. முதலாவது வரியில ‘டு’வைப் போடு என்கிறார்கள். அடுத்த வரியிலேயே ‘டு’வை எடு என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், “அது அப்படித்தான், பாடமாக்குங்கோ” என்பதுதான் பதில். பாடமாக்கின பிள்ளைக்கு என்ன நடக்கும்? ‘டு’ என்ற ஒன்று எங்கேயோ தேவைப்படுது என்ற பயம் மட்டும் மிஞ்சும். பிறகு ‘டெல் டு மீ’ என்று, தேவையில்லாத இடத்திலும் அது வந்து குந்திக்கொள்ளும். முதல் ஒரு பிழை இருந்தது, இப்ப ரெண்டு.

என்ட கருத்து இதுதான். இவை தனித்தனிப் பிழைகள் இல்லை. எல்லாத்துக்கும் பின்னால இருப்பது ஒரே கேள்வி: இந்த வினைச்சொல் எந்த வேற்றுமையைக் கேட்குது? அந்தக் கேள்வியைக் கேட்கிற பழக்கம் தமிழ் மொழிமூலம் படிச்ச எங்களுக்கு ஏற்கெனவே இருக்குது. எட்டு வேற்றுமை படிச்சு, ‘ஐ, ஆல், கு, இன், அது, கண்’ என்று ஒப்புவிச்சு, சோதனையில புள்ளியும் எடுத்திருக்கிறோம். அதை இங்கிலிஷ் வகுப்புக்குள்ள கொண்டுபோக மட்டும் ஒருத்தரும் விடுறேல்ல.

ஒரே ‘கு’, ரெண்டு கதவு

தமிழில் பாருங்கோ. எனக்குத் தா. எனக்குச் சொல்லு. எனக்குக் காட்டு. எனக்கு விளக்கு. எனக்கு ஒரு புத்தகம் பரிந்துரை செய். ஐந்து வினைக்கும் ஒரே உருபு, நான்காம் வேற்றுமைக் ‘கு’. சிங்களத்திலும் அதே கதைதான். ‘மட்ட’ என்ற ஒரே சொல் ‘மட்ட தென்ன’விலும் வரும், ‘மட்ட கியன்ன’விலும் வரும், ‘மட்ட பெஹெதிலி கரன்ன’விலும் வரும். கொழும்பில வளர்ற ஒரு பிள்ளையின் காதில் ரெண்டு மொழியும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுக்குது: யாருக்குப் போய்ச் சேருதோ அவருக்கு ‘கு’.

இங்கிலிஷில அந்தக் ‘கு’வைச் சொல்ல ரெண்டு கதவு இருக்குது. முதலாவது கதவு, இடம். வினைக்குப் பின்னால முதல் கதிரையில ஆளை இருத்தி, அடுத்த கதிரையில பொருளை வைக்கிறது. ‘கிவ் மீ த புக்.’ இங்கே ‘மீ’யோட ஒரு உருபும் ஒட்டேல்ல. அது இருக்கிற இடமே ‘எனக்கு’ என்று சொல்லிவிடுது. ரெண்டாவது கதவு, ‘டு’. முதல் பொருள், பிறகு ‘டு’ போட்டு ஆள். ‘கிவ் த புக் டு மீ.’

கிவ், டெல், ஷோ, சென்ட், டீச் எல்லாம் ரெண்டு கதவாலும் போகும். எக்ஸ்பிளெய்ன், சஜெஸ்ட், டிஸ்கிரைப், மென்ஷன், அனவுன்ஸ் எல்லாத்துக்கும் முதலாவது கதவு பூட்டு. அவை ‘டு’ கதவால மட்டும்தான் போகும்.

அப்ப ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்று சொல்ற ஆள் என்ன செய்யிறார்? விதி தெரியாமல் உளறவில்லை. ‘டெல் மீ’ சரி, ‘ஷோ மீ’ சரி, எக்ஸ்பிளெய்னும் சொல்லிக் காட்டுறதுதானே, அப்ப அதுவும் இப்படித்தான் போகும் என்று கணக்குப் போடுறார். கணக்குப் போட்ட முறை சரி. இந்த ஒரு கதவு பூட்டியிருக்கு என்ற தகவல்தான் அவருக்குப் போய்ச் சேரேல்ல.

பூட்டின கதவால போனால் என்ன, விளங்கும்தானே என்று கேட்கலாம். பெரும்பாலும் விளங்கும். ஆனால் எக்ஸ்பிளெய்னுக்குப் பக்கத்துக் கதிரை பொருளுக்கு ஒதுக்கினது. அதில இருக்கிறவர் விளக்கப்படுகிறவர் ஆகிவிடுவார். ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்பதை அப்படியே எங்கட இலக்கணத்தில் வைத்தால் ‘எனக்கு விளக்கு’ வராது, ‘என்னை விளக்கு’ என்றுதான் வரும். பல் விளக்குற மாதிரி.

சஜெஸ்டில இது இன்னும் நல்லாத் தெரியும். ‘ஹீ சஜெஸ்டட் மீ’ என்பது முழுக்கச் சரியான இங்கிலிஷ் வசனம். அதன் கருத்து, அவர் என்ட பேரை முன்மொழிந்தார் என்பது. தமிழ் மன்றத்துக்குச் செயலாளர் தேடினார்கள், ஒருவர் எழும்பி என்ட பேரைச் சொன்னார் என்றால் அந்த வசனம் பொருந்தும். அவர் எனக்கு ஒரு யோசனை சொன்னார் என்றால் பொருந்தாது. அதற்கு ‘ஹீ சஜெஸ்டட் எ புக் டு மீ’ என்றுதான் போகவேணும்.

இது ஏதோ இங்கிலிஷின் கிறுக்கு என்று நினைக்கவேண்டாம். தமிழிலும் இதே விளையாட்டு இருக்குது, எங்களுக்குப் பழகினதால தெரிவதில்லை. ‘எனக்குப் பிடிக்கும்’ வேற, ‘என்னைப் பிடிக்கும்’ வேற. முதலாவதில் விரும்புகிற ஆள் நான், ரெண்டாவதில் விரும்பப்படுகிற ஆள் நான். ‘எனக்குக் கேட்டது’ என்றால் காதில விழுந்தது. ‘என்னட்ட கேட்டது’ என்றால் என்னிடம் கேள்வி வந்தது. தமிழ் படிக்க வருகிற வெள்ளைக்காரர் ஒருவர் “நான் கொத்துரொட்டிக்குப் பிடிக்கும்” என்று சொன்னால் நாங்கள் சிரிப்போம். அவர் முட்டாள் என்று முடிவெடுக்க மாட்டோம். உருபு மாறிப்போச்சு என்றுதான் சொல்வோம்.

கதவை யார் பூட்டினது?

இங்கிலிஷுக்கும் ஒரு காலத்தில் ‘கு’ இருந்தது. ஆயிரம் வருசத்துக்கு முந்தின பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் முடிவு மாறித்தான் வேற்றுமை காட்டியது, எங்கட தமிழ் மாதிரி. இன்றைக்கு நாங்கள் சொல்கிற ‘ஹிம்’ உண்மையில் அந்தக் கால நான்காம் வேற்றுமை வடிவம். ‘அவனுக்கு’ என்பதற்கு அது, ‘அவனை’ என்பதற்கு வேறொரு சொல் இருந்தது. பிறகு முடிவுகள் தேய்ந்துபோக, ‘அவனை’யும் ‘அவனுக்கு’ம் ஒரே ‘ஹிம்’ ஆகிவிட்டது. வேற்றுமையைக் காட்டுற வேலை சொல்லின் இடத்துக்கும் ‘டு’ போன்ற சின்னச் சொற்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் ஏராளமான வினைச்சொற்கள் உள்ளே வந்தன. எக்ஸ்பிளெய்ன், சஜெஸ்ட், டிஸ்கிரைப், டொனேட் எல்லாம் அந்தப் பக்கத்துச் சொற்கள். கிவ், டெல், ஷோ, சென்ட் எல்லாம் பழைய வீட்டுச் சொற்கள். பழைய ஆட்களுக்கு ரெண்டு கதவும் திறந்திருக்க, வந்த ஆட்களில் பெரும்பாலானோர் ‘டு’ கதவோட நின்றுவிட்டார்கள்.

இதிலிருந்து ஒரு கைவிதி எடுக்கலாம். ஒரே அசையில முடியிற, அன்றாடம் புழங்கிற சின்ன வினை என்றால் முதலாவது கதவு அநேகமாகத் திறந்திருக்கும். நீளமான, புத்தக வாசம் அடிக்கிற வினை, அதிலும் அழுத்தம் ரெண்டாவது அசையில விழுகிற வினை என்றால் கதவு அநேகமாகப் பூட்டு. எக்ஸ்-பிளெய்ன், சஜ்-ஜெஸ்ட், டிஸ்-கிரைப். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ, அழுத்தம் பின்னாலதான் விழும். ‘ப்ரொமிஸ்’, ‘ஒஃபர்’ ரெண்டும் லத்தீன் வழி வந்தவைதான், ஆனால் அழுத்தம் முன்னால விழுகுது, ‘ப்ரொமிஸ் மீ’, ‘ஒஃபர் மீ’ ரெண்டும் சரி.

கைவிதி என்றுதான் சொன்னேன், சட்டம் என்று சொல்லவில்லை. ‘சே’ என்ற வினையைப் பாருங்கோ. ஒரே அசை, பச்சைப் பழைய ஆங்கிலம், ஆனாலும் ‘சே மீ’ என்று வராது, ‘சே டு மீ’தான். சின்னப் பிள்ளையிலிருந்து இங்கிலிஷ் பேசுகிறவர்கள் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? அவர்களுக்கு ஒருத்தரும் போட்டோகொப்பி கொடுக்கேல்லயே.

இந்தக் கேள்விக்காகவே ஒரு மொழியியல் பேராசிரியர் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து அடெல் கோல்ட்பர்க். 2019இல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பே ‘எக்ஸ்பிளெய்ன் மீ திஸ்’. எங்கட போட்டோகொப்பியின் இடது பக்கத்தில் கிடந்த வசனம் அங்கே அட்டையில். அவர் சொல்கிற பதிலைச் சுருக்கினால் இவ்வளவுதான். ‘எக்ஸ்பிளெய்ன் மீ திஸ்’ வரக்கூடிய இடத்தில் எல்லாம், ஒவ்வொரு முறையும், ‘எக்ஸ்பிளெய்ன் திஸ் டு மீ’தான் பிள்ளையின் காதில் விழுகுது. ஆயிரம் தடவை அப்படிக் கேட்ட பிறகு, மற்றது தன்பாட்டில் அடைபட்டுப் போகுது. யாரும் பிழை என்று சொல்லத் தேவையில்லை.

இப்ப எங்கட நிலைமையை யோசியுங்கோ. பாடசாலையில கிழமைக்குச் சில பாடவேளை இங்கிலிஷ். வீட்டில தமிழ், தெருவில சிங்களம். ‘எக்ஸ்பிளெய்ன் திஸ் டு மீ’ எங்கட காதில ஆயிரம் தடவை விழச் சந்தர்ப்பமே இல்லை. விழுந்த கொஞ்சமும் அநேகமாக ‘எக்ஸ்பிளெய்ன் டு மீ வை’ என்ற மாதிரி வரும். நீளமான பகுதி பின்னால போவதால் ‘டு மீ’ வினைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். வேகமாகப் பேசும்போது அந்த ‘டு’ ஒரு சின்ன மூச்சு மாதிரிப் போய்விடும். மிச்சம் காதில் நிற்பது ‘எக்ஸ்பிளெய்ன்… மீ’.

இது தமிழருக்கு மட்டும் நடக்கிற விசயமும் இல்லை. பிரெஞ்சில் ‘எனக்கு விளக்கு’ என்பதற்கு ‘எக்ஸ்ப்ளிக் முவா’, இடையில ஒன்றும் இல்லை. ஜெர்மனிலும் ஸ்பானிஷிலும் அதே மாதிரித்தான். அதனால பாரிஸ்காரரும் பேர்லின்காரரும் இங்கிலிஷ் பேசும்போது ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்றுதான் வழுக்குகிறார்கள். லாச்சப்பலில் கடை வைத்திருக்கிற எங்கட சொந்தக்காரருக்குத் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளும். ஐரோப்பியர் சொன்னால் அழகான அக்சென்ட், நாங்கள் சொன்னால் படிப்பில்லாத இங்கிலிஷ். அந்த வித்தியாசம் இலக்கணத்தில இருந்து வந்தது இல்லை.

‘ரிக்வெஸ்ட் டு யூ’ எங்கிருந்து வந்தது?

இது மற்றப் பக்கத்துப் பிழை. இங்கே ‘டு’ கூடிப்போச்சு. காரணம் ரெண்டு.

முதலாவது, தமிழ்க் கடிதம். ‘தங்களிடம் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று நாங்கள் எழுதிப் பழகியிருக்கிறோம். கேட்கப்படுகிற ஆளோட ‘இடம்’ என்ற உருபு வந்தே ஆகும். மரியாதைக் கடிதத்தில் உருபு இல்லாமல் ஆளை நிறுத்தினால் ஏதோ குறையிற மாதிரி இருக்கும். இங்கிலிஷில எழுதும்போது அந்த ‘இட’த்தை நிரப்ப ‘டு’ வருது. சிங்களத்தில் இது ‘ஒபகென் இல்லா சிட்டிமி’. ‘கென்’ என்பது ‘இருந்து’ போல. அதனால சிங்கள நண்பர்கள் அதே இடத்தில் ‘ரிக்வெஸ்ட் ஃப்ரொம் யூ’ என்று எழுதுவதைப் பார்க்கலாம். ஒரே வெற்றிடத்தை ஒவ்வொருத்தரும் தங்கட தாய்மொழி உருபால நிரப்புறோம்.

ரெண்டாவது காரணம் இங்கிலிஷுக்குள்ளேயே இருக்குது. ‘ரிக்வெஸ்ட்’ பெயர்ச்சொல்லாக வந்தால் ‘டு’ சரி. ‘மை ரிக்வெஸ்ட் டு யூ’, அதாவது உங்களுக்கான என்ட வேண்டுகோள். அதே சொல் வினையாக வந்தால் ‘டு’ விழுந்துவிடும், ‘ஐ ரிக்வெஸ்ட் யூ’. எழுத்தில ரெண்டும் ஒரே சொல். ‘டிஸ்கஷன் எபவுட்’ சரியாக இருக்க ‘டிஸ்கஸ் எபவுட்’ பிழையாவதும் இதே மாதிரித்தான். பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் பார்த்த சின்னச் சொல்லை வினைக்கும் கொண்டுபோகிறோம்.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்குது, போட்டோகொப்பி தேவையில்லை. சுவரில் இருக்கிற அறிவித்தலைப் பாருங்கோ. கோயிலிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ‘யூ ஆர் கைண்ட்லி ரிக்வெஸ்டட்’ என்று போட்டிருக்கும். ‘நீங்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.’ ஆள் எழுவாயாக முன்னால வந்து நிற்க முடியுது என்றால், அந்த வினை ஆளை நேரடியாகப் பிடிக்கும், இடையில ‘டு’ வேண்டாம் என்று அர்த்தம். செயப்பாட்டு வினையில போட்டுப் பார்க்கிற இந்தச் சோதனை மற்ற வினைகளுக்கும் வேலை செய்யும். ‘ஐ வோஸ் டோல்ட்’ சரி, அதால ‘டெல் மீ’ சரி. ‘ஐ வோஸ் இன்ஃபோர்ம்ட்’ சரி, அதால ‘இன்ஃபோர்ம் மீ’ சரி. ‘ஐ வோஸ் எக்ஸ்பிளெய்ண்ட்’? அது ‘நான் விளக்கப்பட்டேன்’ ஆகிப்போகும். விளக்கப்பட்டது பாடம், ஆள் இல்லை. அதால ‘டு’ வேணும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேணும். ஆளைக் கேட்காமல் பொருளைக் கேட்டால் ரிக்வெஸ்ட் பொருளையும் நேராகப் பிடிக்கும். கலியாணக் கார்டில ‘ரிக்வெஸ்ட் த பிளெஷர் ஒஃப் யுவர் கொம்பனி’ என்று அச்சடித்திருப்பார்களே, அதில ரிக்வெஸ்டுக்குப் பக்கத்தில் இருப்பது உங்கட வருகை தரும் மகிழ்ச்சி, நீங்கள் இல்லை. ஆள், இல்லையென்றால் பொருள், ஏதாவது ஒன்று. ரெண்டையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்க முடியாது. அதாவது, ‘ஐ ரிக்வெஸ்ட் யூ லீவ்’ என்று லீவு கேட்க முடியாது.

ஒரு மெயிலைப் பிரிச்சுப் பார்ப்போம்

எங்கட பீடத்தில் முதலாம் வருசத்துப் பிள்ளை ஒருத்தி ஒரு விரிவுரையாளருக்கு மெயில் போட்டாள். அதன் ஸ்கிரீன்ஷொட் எப்படியோ வட்ஸ்அப் குரூப் ஒன்றுக்கு வந்து, சிரிக்கிற இமோஜி வரிசையாக விழுந்தது. அதில இருந்தது நாலு வரிதான்: ‘ஐ ரிக்வெஸ்ட் டு யூ டு எக்ஸ்பிளெய்ன் மீ த அசைன்மென்ட். பிளீஸ் சஜெஸ்ட் மீ சம் புக்ஸ். கைண்ட்லி இன்ஃபோர்ம் மீ த டேட். தேங்க் யூ சேர்.’

சிரிக்க முதல் ஒவ்வொரு வினையாக எடுப்போம்.

‘ரிக்வெஸ்ட் டு யூ’. ‘தங்களிடம்’ என்ற மரியாதை ‘டு’வாக வந்திருக்குது. அறிவித்தல் சோதனை: ‘யூ ஆர் ரிக்வெஸ்டட்’ வருது. அப்ப ‘டு’வை எடுக்கலாம், ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு…’. அதற்குப் பின்னால வருகிற ரெண்டாவது ‘டு’ அடுத்த வினைக்குரியது, அதைத் தொடக்கூடாது. ஒரே வரியில ரெண்டு ‘டு’ இருக்கும்போது எது யாருடையது என்று தெரியாமல் திருத்தப் போனால், இருக்க வேண்டியதை எடுத்துவிடுவோம்.

‘எக்ஸ்பிளெய்ன் மீ த அசைன்மென்ட்’. அழுத்தம் பின்னால, கதவு பூட்டு. பொருள் பக்கத்துக் கதிரைக்கு, ஆள் ‘டு’வோட பின்னுக்கு. ‘எக்ஸ்பிளெய்ன் த அசைன்மென்ட் டு மீ’.

‘சஜெஸ்ட் மீ சம் புக்ஸ்’. அதே பூட்டு. ‘சஜெஸ்ட் சம் புக்ஸ்’ என்றால் போதும். மெயிலைப் போட்டவள் அவள்தான் என்பது தெரியும், ‘டு மீ’ கூடத் தேவையில்லை. பல நேரம் இதுதான் லேசான வழி. சந்தேகம் வந்தால் ஆளையே விட்டுவிடுங்கோ, வசனம் இன்னும் நல்லா வரும்.

‘இன்ஃபோர்ம் மீ த டேட்’. இது சுவாரசியமானது. இன்ஃபோர்முக்குப் பக்கத்துக் கதிரை ஆளுக்குத்தான், அதால ‘மீ’ சரி. பொருளுக்குத்தான் ஒரு சின்னச் சொல் வேணும், ‘இன்ஃபோர்ம் மீ ஒஃப் த டேட்’. இல்லாட்டி ‘டெல் மீ’ அல்லது ‘லெட் மீ நோ’. இந்தப் பிழை அந்தப் பிள்ளையின் சொந்தப் பிழை கூட இல்லை. ஜொய்பிரதோ முகர்ஜி, செபஸ்டியன் ஹொஃப்மன் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 2006இல் இந்திய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் பெரிய தொகுப்பை எடுத்துப் பார்த்தார்கள். பிரித்தானியர் ஆளையும் பொருளையும் அப்படி அடுக்காத வினைகளுக்குப் பின்னால, இந்தியப் பத்திரிகையாளர்கள் சாதாரணமாக அடுக்கியிருந்தார்கள். இன்ஃபோர்மும் அதில ஒன்று. ‘டெல்’லின் கருத்து இருந்தால் ‘டெல்’லின் அமைப்பும் வரட்டும் என்ற ஒப்புமைதான் காரணம் என்று விளக்கினார்கள். சம்பளத்துக்கு இங்கிலிஷ் எழுதுகிறவர்கள் போடுற அதே கணக்கைத்தான் முதலாம் வருசத்துப் பிள்ளையும் போட்டிருக்கிறாள்.

நாலு வரியில மூன்று திருத்தம் ‘டு’வையும் கதிரையையும் பற்றினது, ஒன்று ‘ஒஃப்’. பாடம் விளங்கேல்ல, புத்தகம் வேணும், திகதி வேணும் என்று அவள் கேட்டது சேருக்கு முழுக்க விளங்கியிருக்கும். சிரிச்சவர்களுக்கும் விளங்கியது. விளங்காமல் சிரிக்க முடியாதுதானே.

கடுவ

எங்கட கம்பஸ்களில் இங்கிலிஷுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்குது, ‘கடுவ’. சிங்களத்தில் வாள். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் இதைத் தலைப்பாகவே வைத்து, இலங்கையில் இங்கிலிஷ் எப்படி அதிகாரத்தின் ஆயுதமாக இருக்குது என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்த வாளின் கூரான இடம் பெரிய சொற்களில் இல்லை என்பது என்ட எண்ணம். கஷ்டமான சொல்லை யாரும் அகராதி பார்த்து எடுத்துவிடலாம். வெட்டுறது இந்த ‘டு’தான். வகுப்பில கிடைக்காது, வீட்டில கேட்டு வளர்ந்தவருக்கு மட்டும் தானாக வரும். அதனாலதான் ஆளை எடைபோட இது வசதியாக இருக்குது. நேர்முகத் தேர்வில ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்று சொன்னவருக்கு ஒரு ‘டு’ தெரியாது என்று யாரும் எடுக்கிறதில்லை. எந்தப் பாடசாலை, எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று எல்லாம் எடுத்துவிடுவார்கள்.

இதற்குப் பதிலாக, “அது எங்கட இங்கிலிஷ், அப்படியே இருக்கட்டும்” என்று சொல்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில பாதிதான் உடன்பாடு. இலங்கை ஆங்கிலம் என்ற ஒன்று உண்மையாகவே இருக்குது. மைக்கேல் மேலர் 2007இல் அதுக்கு ஒரு அகராதியே வெளியிட்டார். ‘இன்ஃபோர்ம் மீ த டேட்’ நாளைக்கு எல்லாருக்கும் சரியாகலாம், அதில எனக்குக் கவலை இல்லை. ஆனால் அந்த ஏற்பு வரும்வரைக்கும் விண்ணப்பம் போடுகிறது யார்? வீட்டில இங்கிலிஷ் பேசுகிறவர் “எங்கட இங்கிலிஷ்” என்று சொல்லிவிட்டு, தன்ட சீவியில ‘டு’வைச் சரியாகப் போட்டுவிடுவார். அட்டனிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வந்து போர்டிங்கில நிற்கிற பிள்ளைக்குத்தான் அந்த விருப்பத் தெரிவு இல்லை. தெரிந்துகொண்டு போடாமல் விடுவது வேற, தெரியாமல் விடுவது வேற.

அதால நான் கேட்கிறது ரெண்டும் இல்லை. சிரிக்கவும் வேண்டாம், தலையில தடவி விடவும் வேண்டாம். காரணத்தைச் சொல்லுங்கோ. ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ பிழை என்று சிவப்புக் கோடு போடுற நேரத்தில, “பக்கத்துக் கதிரையில யார் இருக்கிறது, விளக்கப்படுற பொருளா, கேட்கிற ஆளா?” என்று ஒரு கேள்வி கேட்கலாம். ரெண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் தெரிந்த பிள்ளைக்கு அது அரை நிமிசத்தில் பிடிபடும். எங்கட இலக்கணப் பாடத்தை இங்கிலிஷ் வகுப்பு வாசலில செருப்போட சேர்த்துக் கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள்.

நாங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்குது. புது வினைச்சொல் ஒன்றைக் கொப்பியில எழுதும்போது கருத்தை மட்டும் எழுதாமல், அதன் கதிரைகளையும் சேர்த்து எழுதுவோம். ‘எக்ஸ்பிளெய்ன்: பொருளை, ஆளுக்கு ‘டு’.’ ‘ரிக்வெஸ்ட்: ஆளை, செய்யும்படி.’ ‘இன்ஃபோர்ம்: ஆளை, பொருளுக்கு ‘ஒஃப்’.’ ஒரு வினைக்கு ஒரு வரிதான். பத்து வினை எழுதினால் மெயிலில அடிக்கடி வருகிற வினைகளில் பெரும்பகுதி முடிஞ்சுது. கொப்பியில எழுதினது காதில ஏற, அந்த வரியை வைத்து ஒரு வசனம் சத்தமாகச் சொல்லுங்கோ. ஆயிரம் தடவை கேட்க வாய்க்காதவர்களுக்கு, தாங்களே சொல்லிக் கேட்பதுதான் குறுக்குப் பாதை.

அந்த மெயில் போட்ட தங்கச்சி இப்ப தன்ட கொப்பியின் பின் பக்கத்தில இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். பதினாலாவது வினையில நிற்கிறாள். நேற்று என்னட்ட வந்து, “அக்கா, ‘ரெக்கமெண்ட்’ எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். ‘ரெக்கமெண்ட் மீ’ என்றால் என்னைச் சிபாரிசு செய்யுங்கோ என்று வரும், புத்தகம் வேணுமென்றால் ‘ரெக்கமெண்ட் எ புக் டு மீ’ என்று எழுது, இப்ப சிலர் ‘ரெக்கமெண்ட் மீ எ புக்’ என்றும் எழுதுகிறார்கள், ஆனால் விண்ணப்பத்தில் பாதுகாப்பான பக்கம் நில் என்று சொன்னேன். எழுதிக்கொண்டு போனாள்.